பட்டன் போனில் வீட்டிலிருந்து என்ன வேலை செய்யலாம்?

*நான் திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறேன். வயது 34. ஓ.எல். வரை படித்தேன், சிங்களமும் ஓரளவு பேசுவேன். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர், மாமிக்கு நடக்க ஏலாது, அதனால் வெளியே வேலைக்குப் போக வழியில்லை. கையில் இருப்பது இரண்டு சிம் போடும் பட்டன் போன் மட்டும். கம்ப்யூட்டர் இல்லை. “போனிலேயே டேட்டா என்ட்ரி வேலை, பதிவுக் கட்டணம் 3500 ரூபாய்” என்று ஒரு நோட்டீஸ் கிடைத்தது. கட்டலாமா? இல்லாவிட்டால் இந்தப் போனை வைத்து உண்மையாகவே காசு வரக்கூடிய வேலை ஏதாவது இருக்கிறதா?*
*— ஒரு வாசகி, பாலையூற்று*

தங்கச்சி, காசு கட்ட வேண்டாம். டேட்டா என்ட்ரி என்றால் ஒரு இடத்தில் இருக்கும் விபரத்தைப் பார்த்து இன்னொரு இடத்தில் இருக்கும் கட்டங்களில் தட்டுவது. அதற்கு அகலமான திரை வேண்டும், கீபோர்ட் வேண்டும், இன்டர்நெட் வேண்டும். உங்கள் போனில் ஆங்கில ‘s’ எழுத்து ஒன்று வர 7ஆம் பட்டனை நான்கு தரம் அமத்த வேண்டும். அப்படி ஒரு போனில் ஆயிரக்கணக்கான பெயர்களையும் விலாசங்களையும் அடித்துத் தரச் சொல்லி எவரும் சம்பளம் தரமாட்டார்கள். விளம்பரம் பார்ப்பது, லைக் போடுவது, சர்வே நிரப்புவது என்று சொல்லப்படுபவையும் உங்கள் போனில் திறக்கவே திறக்காது.

இந்த நோட்டீஸ்காரர்கள் செய்வது வழக்கமாக இப்படித்தான் இருக்கும். காசைக் கட்டியதும் கொஞ்சம் வேலை தருவார்கள். முடித்துக் கொடுத்தால் “பிழை கூட, எங்கள் அளவுக்கு வரவில்லை” என்று சொல்லிச் சம்பளத்தை நிறுத்துவார்கள், சில பேர் அதற்கு மேல் தண்டப் பணமும் கேட்பார்கள். இதைவிட மோசமானது, “சம்பளம் போட” என்று உங்கள் அடையாள அட்டைப் பிரதியையும் வங்கிக் கணக்கையும் வாங்குவது. யாரோ ஏமாந்த காசு உங்கள் கணக்கு வழியாகப் போனால், பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான். உங்களுக்குத் தெரியாத ஒருவரின் காசு உங்கள் கணக்குக்கு வந்து, அதை வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால், அனுப்பாமல் வங்கிக்குச் சொல்லுங்கள்.

சரி, இனி உங்கள் போனால் ஆகும் காரியத்துக்கு வருவோம். பட்டன் போனில் பேச்சு நன்றாகக் கேட்கும், பற்றரி இரண்டு மூன்று நாள் நிற்கும். பெரிய ஸ்மார்ட்போன் வைத்திருப்பவருக்கு இருக்கும் வசதியில் பாதிகூட உங்களிடம் இல்லை, ஆனால் எடுத்துப் பேசும் விஷயத்தில் அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் பேச்சாலேயே முடிகிற வேலையைத் தேட வேண்டும். அடுத்தவருக்கு வரும் அழைப்பை அவருக்காக எடுத்துப் பேசுவது அப்படிப்பட்ட வேலை. வீட்டிலிருந்து செய்யக்கூடிய போன் வேலைகளில் எனக்கு அதிகம் நம்பிக்கை இருப்பது இதில்தான்.

யாருக்கு இது தேவை? போன் அடிக்கும் நேரத்தில் கை வேலையாக இருப்பவருக்கு. ஏ.சி. திருத்துபவர் ஏணியில் நிற்பார். பைப் வேலைக்காரர் தண்ணீரில் கை வைத்திருப்பார். வயரிங் செய்பவர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கூரைக்குள் இருப்பார். அழைத்த வாடிக்கையாளர் இரண்டு தரம் பார்ப்பார், பிறகு அடுத்த ஆளை அழைப்பார். வேலைக்காரர் பின்னேரம் இறங்கி வந்து மிஸ்டு கோலைப் பார்த்துத் திருப்பி எடுக்கும்போது “வேறு ஆள் வந்து செய்துவிட்டார்” என்ற பதில்தான் கிடைக்கும்.

திருகோணமலையில் இதற்கு நல்ல இடமாக நான் சொல்வது ஏ.சி. வேலை. உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் கரையோரம் முழுக்க ஹோட்டலும் கெஸ்ட் ஹவுஸும். வெளிநாட்டு ஆட்கள் வரும் சீசனும், கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களும் ஒன்றாகவே வரும். கடல் காற்றின் உப்பு வெளியில் மாட்டியிருக்கும் யூனிட்டை அரித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அழைப்புக்குப் பஞ்சமில்லை. அழைப்பவர் தமிழில் பேசலாம், சிங்களத்தில் பேசலாம். உங்களுடைய ஓரளவு சிங்களம் இங்கே காசு. நேரம், இடம், என்ன பழுது, திரும்ப எடுக்கிறோம் என்ற நாலு விஷயத்தையும் சிங்களத்தில் தடுமாறாமல் கேட்கப் பழகினால் போதும்.

அவருடைய நம்பருக்கு வரும் அழைப்பு உங்களிடம் வருவது எப்படி? போன் நம்பரை மாற்றத் தேவையில்லை. அவர் எடுக்காத அழைப்பு மட்டும் உங்களிடம் திரும்பும்படி செய்யலாம். இதை அவருடைய போனில் அடிக்க வேண்டும், உங்கள் போனில் அல்ல.

```
**61*07XXXXXXXX*11*20#
```

07 என்று தொடங்கும் இடத்தில் உங்கள் நம்பர் வரும். 61 என்பது “எடுக்காவிட்டால்”, 11 என்பது பேச்சு அழைப்பு, 20 என்பது எத்தனை செக்கன் அடித்த பிறகு திருப்புவது என்பது. 5, 10, 15 என்று ஐந்து ஐந்தாக 30 வரை வைக்கலாம். நான் 15 அல்லது 20 வைக்கச் சொல்வேன். அதைவிடக் குறைத்தால் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போகும் அழைப்பும் உங்களிடம் வந்துவிடும். 30 வைத்தால் பொறுமை இல்லாதவர் கட் பண்ணிவிடுவார். அவர் வேறு அழைப்பில் இருக்கும்போது வருவதையும் சிக்னல் இல்லாத நேரத்தில் வருவதையும் திருப்ப வேண்டுமென்றால், 61க்குப் பதிலாக 67, 62 என்று போட்டு நம்பருக்குப் பின்னால் நேரே # அடிப்பார். போட்டது சரிதானா என்று பார்க்க `*#61#`, எடுத்துவிட `##61#`. இவை எல்லாம் ஜி.எஸ்.எம். போன்களுக்குப் பொதுவான கோட்கள், பட்டன் போனிலும் வேலை செய்யும். அவருடைய சிம்மில் வொய்ஸ் மெயில் போட்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அழைப்பு அந்தப் பெட்டிக்குள் போய் விழும்.

ஒரு முக்கியமான விஷயம். அழைப்பை ஏற்பதற்கு உங்களுக்குச் செலவில்லை. ஆனால் அவர் போனில் இருந்து உங்கள் போன் வரையான துண்டுக்குக் காசு அவருடைய கணக்கில் போகும். பிரீபெயிட் சிம்மாக இருந்து பலன்ஸ் முடிந்தால் அழைப்பு உங்களிடம் வராது, அது ஏன் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் விளங்காது. அவருடைய பேக்கேஜில் உள்ள நிமிடங்கள் திருப்பிவிடும் அழைப்புக்கும் பொருந்துமா என்று தொடங்குவதற்கு முன்னரே அவர் கம்பனியிடம் கேட்டுக்கொள்ளட்டும். அரை நாள் ஒரு அழைப்பும் வராமல் இருந்தால், வேறு ஒரு போனில் இருந்து அவருடைய நம்பருக்கு அடித்துப் பாருங்கள்.

இதே கோடை வைத்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். “பரிசு விழுந்திருக்கிறது, இந்த நம்பரை அடியுங்கள்” என்று சொல்லி உங்கள் அழைப்பைத் தங்களிடம் திருப்பிக்கொள்வார்கள். உங்கள் போனில் நீங்களாகக் கேட்காமல் யார் சொன்னாலும் நட்சத்திரத்தில் தொடங்கும் எதையும் அடிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் `##002#` அடித்தால் போட்டிருக்கும் எல்லாத் திருப்பலும் நீங்கும்.

இப்போது அழைப்பு வந்துவிட்டது. உங்கள் திரையில் பெரும்பாலும் அழைத்தவரின் நம்பர்தான் தெரியும், ஆனால் சில நேரம் வேலைக்காரரின் நம்பர் தெரியும். அதனால் திரையை நம்பாமல் நம்பரைக் கேட்டே எழுதுங்கள். எடுத்ததும் “வணக்கம், ஏ.சி. வேலை நம்பர், அவர் வேலையில் இருக்கிறார், விபரத்தைச் சொல்லுங்கள், நான் எடுத்துச் சொல்கிறேன்” என்றால் போதும். உங்கள் பெயரை எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை.

கேட்க வேண்டியவை ஐந்துதான்: என்ன பழுது, எந்த இடம், என்ன ஏ.சி., எப்போது வீட்டில் ஆள் இருக்கும், எந்த நம்பருக்கு எடுப்பது. இதில் பழுதைத்தான் ஆட்கள் வாயில் வந்தபடி சொல்வார்கள். உங்கள் வேலையின் பாதிப் பெறுமதி அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் “ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகுது” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “உள்ளே சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியிலிருந்தா, வெளியே பைப்பிலிருந்தா?” என்று கேளுங்கள். வெளியே பைப்பால் தண்ணீர் சொட்டுவது வழக்கம்தான், காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து வெளியேறுகிறது. உள்ளே சொட்டினால்தான் பழுது. அது பெரும்பாலும் வடியும் பைப் அடைத்ததாலோ ஃபில்டர் அழுக்கானதாலோ இருக்கும். இன்னொருவர் “கூல் வரவில்லை” என்பார். அவரிடம் “ரிமோட்டில் பனிப்பூ அடையாளம் தெரியுதா, காத்தாடி அடையாளமா?” என்று கேட்டால், பிள்ளைகள் மாற்றி அமத்தி ஃபேன் மோடில் கிடப்பது சில நேரம் அப்போதே வெளிப்படும். பனிப்பூ தெரிந்தால் அடுத்தது “வெளியே இருக்கும் பெட்டியில் காத்தாடி சுத்துதா?” என்பது. சுத்துகிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் ஒரு வழி. சுத்தவே இல்லை என்றால் வேறு வழி. எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று வேலைக்காரர் அதைக் கேட்டே முடிவு செய்வார்.

நீங்கள் பழுதைத் தீர்மானிக்கவும் வேண்டாம், விலை சொல்லவும் வேண்டாம். “எவ்வளவு எடுப்பார்?” என்று கட்டாயம் கேட்பார்கள். “பார்த்துவிட்டு அவர்தான் சொல்வார், வந்து பார்ப்பதற்கு இவ்வளவு” என்று, அவர் உங்களுக்குச் சொல்லித் தந்த ஒரேயொரு எண்ணை மட்டும் சொல்லுங்கள். கருகின மணம், பொறி பறப்பது என்று யாராவது சொன்னால் மட்டும் கேள்வியை நிறுத்திவிட்டு “மெயினில் அணைத்துவிடுங்கள்” என்று சொல்லி, உடனே வேலைக்காரரை அழையுங்கள். மற்றெல்லாம் மெசேஜில் போகலாம்.

மெசேஜ் விஷயத்தில் பட்டன் போனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு மெசேஜில் 160 எழுத்து போகும். தமிழ் எழுத்தில் அடித்தால் 70தான், அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். பழைய போன்களில் தமிழ் கட்டமாகத் தெரியும். ஆகவே நாம் வழக்கமாகச் செய்வது போல ஆங்கில எழுத்தில் தமிழை அடியுங்கள், ஒரே ஒழுங்கில் அடியுங்கள். உதாரணத்துக்கு:

```
14. Uppuveli, war cemetery thaandi
2m olungai. AC 12000, ulle thanni.
Inru 4 pin. 07XXXXXXXX
```

முதலில் வரும் 14 உங்கள் கொப்பியில் உள்ள வரிசை எண். கணக்குப் பிணக்கு வந்தால் அந்த எண்தான் உங்களைக் காப்பாற்றும், அதற்குப் பிறகு வருகிறேன். இடத்துக்கு வீட்டு இலக்கத்தைவிடப் பக்கத்தில் இருக்கும் அடையாளம்தான் உதவும், நம்முடைய ஒழுங்கைகளில் இலக்கத்தை வைத்து வீடு தேடினால் மத்தியானம் ஆகிவிடும். 12000 என்பது ஏ.சி.யின் பி.டி.யு. அளவு, வீடுகளில் 9000, 12000, 18000 என்பவைதான் அதிகம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், ஏணி வைத்து ஏறிப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

கொப்பி என்றேன், ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். பட்டன் போன் கடைசியாக வந்த கொஞ்ச அழைப்புகளைத்தான் ஞாபகத்தில் வைத்திருக்கும், புதிது வர வரப் பழையது அழிந்துவிடும். ஒரு பக்கத்தில் வரிசை எண், நேரம், நம்பர், இடம், பழுது, மெசேஜ் அனுப்பியதா, அவர் போனாரா, இவ்வளவுதான். மாமிக்குச் சாப்பாடு கொடுக்கும்போது அழைப்பு வந்தால் கையில் பேனை இருக்காது. அதனால் போன் இருக்கும் இடத்திலேயே கொப்பியும் நூலில் கட்டிய பேனையும் இருக்கட்டும்.

இனிக் காசு. வேலைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். மேலே சொன்ன ரிமோட் கதையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்ட ஒரு கேள்வியால் பிரச்சினை போனிலேயே தீர்ந்துவிட்டது, அவர் சும்மா நிலாவெளி வரை போகாமல் மிச்சமாகியது, பெற்றோல் மிச்சம், ஆனால் உங்களுக்கு ஒரு சதமும் இல்லை. அப்படியானால் நாளைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே உங்களுக்கு மனம் வராது. ஆகவே நாளுக்கு ஒரு நிலையான தொகையும், அவர் போகும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னத் தொகையும் என்று பேசுவதுதான் நியாயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 200 ரூபாய், போகும் வேலை ஒன்றுக்கு 100 ரூபாய் என்று வையுங்கள். மாதம் 26 நாள். சீசனில் உங்கள் வழியாக நாளுக்கு மூன்று வேலை போனால் 5200உம் 7800உம் சேர்த்து 13,000 ரூபாய். மெசேஜுக்கும் திருப்பி எடுப்பதற்கும் மாதம் 700 ரூபாய் கழித்தால் 12,300. கார்த்திகை, மார்கழியில் மழை கட்டிக்கொண்டால் நாளுக்கு ஒரு வேலை என்று வையுங்கள், 7100தான் மிஞ்சும். இது முழுச் சம்பளமாகாது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை போன் உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஆனால் உண்மையில் பேசும் நேரம் எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலத்தைத் தாண்டாது. உங்கள் வீட்டு நிலைமைக்கு இது பொருந்தும் என்று நான் சொல்வது அதனால்தான். அவர் பக்கத்திலும் கணக்கு சரிவரும்: சீசன் நாள் ஒன்றில் உங்களுக்கு 500 கொடுக்கிறார், ஒரே ஒரு ஏ.சி. சேர்விஸ் கைவிட்டுப் போனாலே அதைவிடப் பல மடங்கு அவருக்கு நட்டம்.

கணக்கை மாத முடிவு வரை வைக்காதீர்கள். சனிக்கிழமை தோறும் கொப்பியில் உள்ள எண்களை நீங்கள் போனில் வாசிக்க, அவர் தன்னுடைய மெசேஜ்களைப் பார்த்துப் “போனேன், போகவில்லை” என்று சொல்வார். “14ஐ நான் ஏற்கெனவே அறிந்த ஆள், அது கணக்கில் இல்லை” என்று இழுபறி வரும். அழைப்பு உங்களிடம் வந்தது, மெசேஜ் போனது, அவர் அந்த வேலைக்குப் போனார், ஆகவே கணக்கில் வரும் என்று முதல் நாளே பேசிவைத்தால் இழுபறி குறையும். காசைக் கையில் வாங்கலாம், அல்லது ஈசி கேஷ், எம்கேஷ் போன்றவை பட்டன் போனிலேயே வேலை செய்யும், டயலொக் சிம்மானால் `#111#` அடித்துப் பார்க்கலாம். காசை எடுக்க முகவர் கடைக்கு அடையாள அட்டையுடன் போக வேண்டும். உங்கள் பின் நம்பரை அந்தக் கடைக்காரருக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

ஒரு ஆள் சரியாக ஓடத் தொடங்கியதும் இரண்டாவது ஆளை எடுக்கலாம், பைப் வேலை செய்பவர் நல்லது. மழையில் ஏ.சி. படுக்கும்போது கூரை ஒழுக்கும் பைப் அடைப்பும் எழும்பும். உங்கள் போனில் இரண்டு சிம் இடம் இருப்பதால் ஒரு சிம் ஒருவருக்கு, மற்றது மற்றவருக்கு என்று வைத்தால், எந்த சிம்மில் அடிக்கிறது என்று பார்த்தே “ஏ.சி. நம்பர்”, “பைப் நம்பர்” என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்று: இப்படியான போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்ற சிம் தொடர்பற்றுப் போகும், வந்த அழைப்பு உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் பேச்சை இரண்டு நிமிடத்துக்குள் முடிக்கப் பழகுங்கள். மூன்றாவது ஆளை எடுக்காதீர்கள். ஒரே சிம்மில் வரும் இரண்டாவது அழைப்புக்கு `*43#` அடித்துக் கோல் வெயிட்டிங் போட்டுவைக்கலாம்.

பெண் குரல் கேட்டதும் வேலை விஷயத்தை விட்டுவிட்டு வேறு கதை கதைக்கத் தொடங்கும் ஆட்களும் இருப்பார்கள். இதை மறைத்துச் சொல்வது சரியில்லை. வீட்டு நம்பரைக் கொடுக்காமல் இந்த வேலைக்கென்று புதிய சிம் எடுங்கள், பதிவு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஆறு மணிக்கு வேலைக்காரர் `##002#` அடித்து எல்லாத் திருப்பலையும் எடுத்துவிட்டால், இரவில் அவருடைய நம்பருக்கு வரும் அழைப்பு உங்களிடம் வராது. அவருக்கு மறதி என்றால் நீங்கள் அந்த சிம்மை மட்டும் அணைத்துவிடுங்கள். தொந்தரவு செய்த நம்பரை போனில் பிளாக்லிஸ்ட் இருந்தால் போடுங்கள், வேலைக்காரருக்கும் சொல்லுங்கள். “அது என் நல்ல கஸ்டமர், கொஞ்சம் பொறுங்கள்” என்று அவர் சொன்னால், அந்த வேலைக்காரருக்கு இனி வேலை செய்ய வேண்டாம்.

முதல் ஆளைப் பிடிப்பது எப்படி என்று யோசிப்பீர்கள். நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை. உங்கள் வீட்டுக்காரரோ தம்பியோ டவுனில் ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனால், எந்த வேலைக்காரர் போன் எடுக்கமாட்டார் என்று கடைக்காரரே சொல்வார், சாமான் வந்துவிட்டது என்று சொல்ல அவரும் அடித்துச் சலித்திருப்பார். அந்த ஆளுடன் பேசும்போது உங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டாம். “அண்ணா, இன்றைக்கு மிஸ்டு கோல் எத்தனை, அதில் எத்தனை பேரைத் திருப்பி எடுத்தீங்கள்?” என்று கேளுங்கள். போனை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் பதிலிலேயே உங்களுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். நாளுக்கு ஒன்று இரண்டுதான் என்றால் அவருக்கு நீங்கள் தேவையில்லை. ஆறு ஏழு என்றால் ஒரு வாரம் பார்ப்போம் என்று கேளுங்கள். அந்த வாரத்துக்கும் காசு பேசியே தொடங்குங்கள், சும்மா செய்து காட்டிய வேலைக்குப் பிறகு விலை வைப்பது கஷ்டம்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரீலோட் போடுவதை எல்லோரும் சொல்வார்கள். கொமிஷன் மிகச் சிறியது, முதலில் உங்கள் காசைப் போட்டு வைக்க வேண்டும், கடன் சொல்பவர்கள் கூட. வீட்டின் முன் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். பல் வைத்தியரின் தனியார் கிளினிக்குக்கு நாளைக்கு வருபவர்களை இன்று அழைத்து ஞாபகப்படுத்துவது, டியூசன் வகுப்பு மாறியதைப் பெற்றோருக்குச் சொல்வது போன்றவை நல்ல வேலைகள்தான், ஆனால் அவற்றில் அழைப்பது நீங்கள் என்பதால் செலவும் உங்களுடையது. நிமிடங்கள் அடங்கிய பேக்கேஜை அவர்கள் போட்டுத் தந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் ஒரு ஓட்டை இருக்கிறது, அது வட்ஸப். வாடிக்கையாளர் வட்ஸப்பில் எடுக்கும் அழைப்பு உங்களிடம் திரும்பாது, அவர் அனுப்பும் படமும் வராது. “படம் அனுப்பவா?” என்று கேட்பவரிடம் “அவருடைய நம்பருக்கு அனுப்புங்கள், இப்போது வாயால் சொல்லுங்கள்” என்று சொல்லிச் சமாளிக்கலாம். கொப்பியில் அப்படிக் கேட்ட ஒவ்வொருவருக்கும் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்மார்ட்போனைத் தவணைக்கு வாங்கச் சொல்லி வீட்டில் யாராவது இப்போதே சொல்வார்கள், வாங்காதீர்கள். மூன்று மாதம் போனதும் கொப்பியைத் திறந்து புள்ளிகளை எண்ணுங்கள். பத்து அழைப்பில் ஒன்று இரண்டு என்றால் பட்டன் போனே போதும். பாதிக்குப் பாதி என்றால் இந்த வேலையில் வந்த காசிலேயே பாவித்த ஒரு ஸ்மார்ட்போன் வாங்கலாம், அதில் ஒரு பங்கை வேலைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.